ரீஸ்டோர் பாயின்ட் திருப்பித் தருவதும் தராததும்

என் சித்தி மகள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறாள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, வளைகாப்பு அட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அப்படியொரு வெள்ளிக்கிழமை இரவு, கணினியில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்ததும் பழைய கோப்புகளை அழிக்க உட்கார்ந்தாள். தூக்கக் கலக்கத்தில் போன வருடத்து ஃபோல்டருக்குப் பதிலாக இந்த மாதத்து ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்திவிட்டாள். அப்படி அழித்தால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. 41 பத்திரிகைகள் ஒரே நொடியில் மறைந்தன.

பக்கத்துக் கடைப் பையன் ஒரு யோசனை சொன்னான். "அக்கா, செவ்வாய்க்கிழமைக்கு சிஸ்டம் ரீஸ்டோர் போடுங்க. கம்ப்யூட்டரே அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும்." அவளும் போட்டாள். அரை மணி நேரத்துக்குமேல் காத்திருந்தபின் திரையில் இப்படி வந்தது:

```
System Restore completed successfully.
Your documents have not been affected.
```

ஃபோல்டரைத் தேடினாள், இல்லை. புதன்கிழமை நிறுவியிருந்த தமிழ் விசைப்பலகை மென்பொருளையும் காணோம். விசையைத் தட்டினால் ஆங்கிலம்தான் வந்தது. சனிக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்தபோது அவள் குரல் அடைத்திருந்தது. "அண்ணே, போனதும் வரல. இருந்ததும் போயிடுச்சு."

திரையில் வந்த இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் ஆவணங்களை நாங்கள் தொடவில்லை என்று அது சொல்கிறது. ஆவணங்கள் பத்திரமாக இருப்பவருக்கு அது ஆறுதல். ஆவணத்தைத் தொலைத்துவிட்டு வந்தவருக்கோ, நீ தேடி வந்தது இங்கே இல்லை என்ற பதில்.

எதைத் திருப்புகிறது

சிஸ்டம் ரீஸ்டோர் 2000-இல் விண்டோஸ் எம்இ பதிப்போடு வந்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பி வழியாகத்தான் பரவலாகப் பழக்கமானது. ஒரு மென்பொருளை நிறுவியபின் கணினியே சரியாக ஓடாமல் போவது அந்நாளில் அடிக்கடி நடக்கும். அந்தக் கோளாறிலிருந்து மீள்வதற்காகவே இந்த வசதியைச் செய்தார்கள். இன்றுவரை அதன் நோக்கம் மாறவில்லை.

அது முக்கியமாகத் திருப்புவது மூன்று. முதலாவது, விண்டோஸின் சொந்தக் கோப்புகள். இரண்டாவது, நாம் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும். பிரிண்டர், ஸ்கேனர், கிராபிக்ஸ் கார்டு போன்ற கருவிகளோடு விண்டோஸைப் பேசவைக்கும் சிறு நிரல்தான் டிரைவர். மூன்றாவது, ரெஜிஸ்ட்ரி. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்தக் கருவிக்கு எந்த டிரைவர், கணினி தொடங்கும்போது எவையெல்லாம் தானாக ஓட வேண்டும் என்று விண்டோஸ் எழுதிவைத்திருக்கும் பதிவேடு அது.

இந்த மூன்றையும் சேர்த்துத் திருப்புவதில்தான் இதன் பலம் இருக்கிறது. புதிய பிரிண்டர் டிரைவரை நிறுவினீர்கள், அதன்பின் அச்சே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிரைவரை நீக்கினால் அதன் கோப்புகள் போகலாம். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் அது எழுதிவிட்டுப் போன வரிகள் தங்கிவிடக்கூடும். அது ஓரங்கட்டிய பழைய டிரைவரும் தானாகத் திரும்பி வராது. ரீஸ்டோர் செய்தால் கோப்பும் பதிவேடும் ஒரே நாளின் நிலைக்குப் போய் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். அவளுடைய அந்தச் செவ்வாய்க்கிழமை ரீஸ்டோர் பாயின்ட்கூட ஒரு பிரிண்டர் மென்பொருளை நிறுவும் முன் உருவானதுதான். அன்று அச்சு தகராறு செய்திருந்தால் அது சரியான மருந்தாக இருந்திருக்கும்.

வேர்டு கோப்பு, பிடிஎஃப், படம், மின்னஞ்சல் போன்ற நம்முடைய ஆக்கங்களை ரீஸ்டோர் தொடுவதில்லை. நேற்று எழுதிய கடிதம் ரீஸ்டோருக்குப் பின்னும் அப்படியே இருக்கும். நேற்று அழித்த கடிதம் அழிந்ததாகவே இருக்கும். இரண்டும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள். இந்த விதி இல்லாவிட்டால், பிரிண்டரைச் சரிசெய்ய ரீஸ்டோர் போடும் ஒருவர் இடையில் செய்த மூன்று நாள் வேலையையும் இழக்க நேரிடும்.

படி எடுக்கும் முறை

"அன்னைக்கு மொத்த கம்ப்யூட்டரையும் காப்பி எடுத்துத்தானே வச்சிருக்கும்?" என்று அவள் கேட்டாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில், ரீஸ்டோர் பாயின்ட் உருவாகும் கணத்தில் எதுவுமே படியெடுக்கப்படுவதில்லை என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

விஸ்டா காலத்திலிருந்து இந்த வேலையை விண்டோஸின் ஷேடோ காப்பி என்ற அமைப்பு செய்கிறது. ஒரு கணக்குப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மாலை, இந்த நிலை எனக்கு வேண்டும் என்று ஒரு குறி மட்டும் போடப்படுகிறது. அதன்பின் யாராவது ஒரு பக்கத்தை அடித்து எழுத வந்தால், எழுதும் முன் அந்தப் பக்கத்தின் பழைய வாசகம் ஒரு தனி நோட்டில் படியெடுக்கப்படும். மாறாத பக்கங்களுக்குப் படி எடுக்கத் தேவையே இல்லை, அவை பேரேட்டிலேயே இருக்கின்றன. பிறகு ஒருநாள் செவ்வாய்க்கிழமை நிலை வேண்டுமென்றால், மாறாத பக்கங்களைப் பேரேட்டிலிருந்தும் மாறியவற்றைத் தனி நோட்டிலிருந்தும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். கணினியில் அந்த ஒரு பக்கத்தின் அளவு 16 கிலோபைட்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். ரீஸ்டோர் பாயின்ட் தனித்து நிற்கும் முழுப் பிரதி இல்லை, பேரேடு இருந்தால்தான் தனி நோட்டுக்கு உயிர். அந்த நோட்டும் அதே டிஸ்க்கில், System Volume Information என்ற மறைந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. எனவே டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அடுத்து, நோட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் மிகப் பழைய ரீஸ்டோர் பாயின்ட் சத்தமில்லாமல் நீக்கப்படும். இருக்கிறது என்று நம்பிய பாயின்ட் தேவைப்படும் நாளில் இல்லாமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

உள்ளே இருந்த கதவு

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். டிஸ்க்கின் எல்லாப் பக்கங்களுக்கும் படி எடுக்கப்படுகிறதென்றால், அழிந்த பத்திரிகைக் கோப்பின் பக்கங்களும் அதில் இருக்க வேண்டுமே? ரீஸ்டோர் அதைத் திருப்பாவிட்டாலும் வேறு வழியில் எடுக்க முடியாதா?

நியாயமான கேள்வி. விண்டோஸ் 7-இல் அது முடிந்தது. ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து Properties-க்குள் போனால் Previous Versions என்று ஒரு பிரிவு இருக்கும். ரீஸ்டோர் பாயின்ட் உருவான தேதிகளும் அங்கே வரிசையாகத் தெரியும். ஒன்றைத் திறந்தால் அன்றைய ஃபோல்டர் அன்றிருந்தபடி விரியும். ரீஸ்டோர் எதையும் போடாமலே, வேண்டிய கோப்பை மட்டும் இழுத்து வெளியே வைத்துக்கொள்ளலாம். அழித்த கோப்புகள் ரீஸ்டோரில் வந்துவிடும் என்று இன்றும் பலர் சொல்வதற்கு அந்தக் காலத்து அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த நிலை மாறியது. அதிலிருந்து சிஸ்டம் ரீஸ்டோர் எடுக்கும் படியின் எல்லை குறுக்கப்பட்டது. விண்டோஸ் இருக்கும் டிரைவில் ரீஸ்டோருக்குத் தேவையான கோப்புகளின் பக்கங்களை மட்டும் அது கண்காணிக்கிறது. ஒருவருடைய படங்களுக்கும் கடிதங்களுக்கும் படி எடுத்து நோட்டை நிரப்புவதில்லை. இடம் மிச்சமாகிறது, ஆனால் பழைய பக்கவாட்டுக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. Previous Versions என்ற பெயர் விண்டோஸ் 10, 11 பதிப்புகளிலும் தெரிகிறது. ஆனால் தனியாகக் காப்புப்பிரதி ஏற்பாடு செய்யாதவர்கள் அங்கே பெரும்பாலும் வெறும் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். என் தங்கையின் கணினி விண்டோஸ் 11. நான் போய்ப் பார்த்தபோது அங்கேயும் ஒன்றுமில்லை.

அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கில் கோப்பை அழித்தால் அதன் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து போகும். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதனால் கோப்பு தொலைந்தவுடன் கணினியில் எதையும் எழுதாமல் நிறுத்திவிடுவதே முதல் பாதுகாப்பு. அந்த நேரத்தில் சிஸ்டம் ரீஸ்டோர் போட்டால், அது திரும்ப எழுதும் கோப்புகள் தொலைந்தவற்றின் மேலேயே விழக்கூடும். அவள் கணினியில் இருந்தது எஸ்எஸ்டி. அதில் அழித்த இடத்தை விண்டோஸ் உடனுக்குடன் டிஸ்க்குக்குத் தெரிவித்துவிடும், டிஸ்க்கும் அதைக் காலிசெய்துவிடும். மீட்பு மென்பொருளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இருந்தது ஏன் போனது

இனி அவளுடைய இரண்டாவது இழப்பு. செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பினால், அதன்பின் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும் போய்விடும். புதன்கிழமை வந்த தமிழ் விசைப்பலகை அப்படித்தான் போனது. இது பிழையில்லை, ரீஸ்டோர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

போகப்போவது எது என்று முன்கூட்டியே பார்க்க வழியுண்டு. தேதியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே Scan for affected programs என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு பட்டியல்கள் வரும். மேலே இருப்பவை நீக்கப்படும் மென்பொருள்களும் டிரைவர்களும். கீழே இருப்பவை திரும்பி வரக்கூடியவை. திரும்பி வருபவை சரியாக ஓடாமல் போகலாம், மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம் என்ற குறிப்பும் அங்கேயே இருக்கும். ஒரு நிமிடம் செலவழித்து மேல் பட்டியலைப் படித்திருந்தால் விசைப்பலகையின் பெயர் அவள் கண்ணில் பட்டிருக்கும்.

அந்தப் பட்டியலிலும் வராத ஒன்று இருந்தது. வியாழக்கிழமை நான் அவளுக்கு ஒரு சின்ன பேட்ச் கோப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். கடையைச் சாத்தும் முன் அதை இரட்டைக் கிளிக் செய்தால், பத்திரிகை ஃபோல்டரை பென்டிரைவுக்குப் படியெடுத்துவிடும். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த அதையும் காணவில்லை. நாமே எழுதியதாக இருந்தாலும், பேட்ச் கோப்பு, ஸ்கிரிப்ட், இயங்கும் நிரல் ஆகியவற்றை ரீஸ்டோர் மாற்றக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டின் உதவிக் குறிப்பே சொல்கிறது. கணினி கோப்பின் வகையைப் பார்க்கிறது. எழுதியவர் யார் என்று அதற்குத் தெரியாது. நிரல் வகையாக இருந்தால் அது சிஸ்டத்தின் சொத்து.

வேறு கடைகளில் இதே தர்மசங்கடம் இன்னொரு வடிவில் வரும். கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவியிருப்பார்கள். அது பழைய கணக்குக் கோப்பைத் தன் புதிய அமைப்புக்கு மாற்றியிருக்கும். இப்போது ரீஸ்டோர் போட்டால் மென்பொருள் பழைய பதிப்புக்குத் திரும்பும், கணக்குக் கோப்போ புதிய அமைப்பிலேயே நிற்கும். திறந்தால் கோப்பு பழுது என்பதுபோல் பிழைச்செய்தி வரலாம். கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, புதிய பதிப்பை மறுபடி நிறுவினால் திறந்துகொள்ளும். அது தெரியாமல் பதற்றத்தில் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவிடக் கூடாது.

திரும்பி வந்த வழி

நல்லவேளையாக, ரீஸ்டோரைத் திருப்பவும் ஒரு வழி இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் விண்டோஸ் தானாகவே அந்த நேரத்து நிலைக்கு ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுவைக்கும். ஸ்டார்ட் மெனுவில் rstrui என்று தட்டி மறுபடி திறந்தபோது, Undo System Restore என்ற தேர்வு தயாராக இருந்தது. அதைக் கொடுத்துக் காத்திருந்தோம். தமிழ் விசைப்பலகை வந்தது, பேட்ச் கோப்பும் வந்தது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. கணினியை சேஃப் மோடில் திறந்தோ, விண்டோஸே எழாதபோது வரும் நீலநிற மீட்புத் திரையிலிருந்தோ ரீஸ்டோர் போட்டால், அதைத் திருப்ப முடியாது. கணினி சாதாரணமாகத் திறக்கும் நிலையில் இருந்தால், ரீஸ்டோரை விண்டோஸுக்குள்ளிருந்தே போடுவது நல்லது.

பத்திரிகைகளுக்கு வருகிறேன். வியாழன் இரவு கடையைச் சாத்தும்போது அவள் மறக்காமல் அந்தப் பேட்ச் கோப்பை ஓட்டியிருந்தாள். பென்டிரைவைச் செருகினோம். 33 கோப்புகள் இருந்தன. வெள்ளிக்கிழமை செய்த 8 மட்டும் இல்லை. அதில் ஐந்தைத் திருத்தம் பார்ப்பதற்காக வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பியிருந்ததால், வடிவம் கையிலிருந்தது. மூன்றை முதலிலிருந்து செய்தாள். அந்தப் பேட்ச் கோப்பில் இருந்தது ஒரே ஒரு வரி:

```
robocopy "%USERPROFILE%\Documents\Pathirikai" "E:\Pathirikai" /E
```

கடைசியில் இருக்கும் `/E` உள்ளே உள்ள துணை ஃபோல்டர்களையும் சேர்த்துப் படியெடுக்கச் சொல்கிறது. பலர் அதற்குப் பதில் `/MIR` போடுவார்கள். அது பென்டிரைவைக் கணினியின் கண்ணாடிப் பிம்பமாக ஆக்கிவிடும், இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கும். அழித்த பிறகு அதை ஒருமுறை ஓட்டியிருந்தால் அந்த 33-ம் மிஞ்சியிருக்காது.

கையால் ஓட்ட மறப்பவர்களுக்கு விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதி இருக்கிறது. வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி அதை இயக்கிவைத்தால், ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப் ஆகியவற்றில் மாறியவற்றை மணிக்கொருமுறை தேதியோடு சேமிக்கும். வெறுமையாகக் கிடந்த அந்த Previous Versions பட்டியலும் அப்போது நிரம்பும்.

இருக்கிறதா என்று பாருங்கள்

இவ்வளவு சொன்னபின் ரீஸ்டோர் பாயின்ட்டே வேண்டாமா என்றால், வேண்டும். டிரைவர் கோளாறுக்கும் புதுப்பிப்புக் கோளாறுக்கும் அதைப்போல எளிய வழி குறைவு. ஆனால் விண்டோஸ் 10, 11 உள்ள பல கணினிகளில் அது இயங்காமலே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் Create a restore point என்று தட்டிப் பாருங்கள். வரும் பெட்டியில் சி டிரைவுக்கு எதிரே Off என்று இருந்தால், Configure-ஐ அழுத்தி Turn on system protection என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள அளவுகோலை 5 விழுக்காட்டுக்கு நகர்த்தினால் 256 ஜிபி டிஸ்க்கில் சுமார் 12 ஜிபி ஒதுக்கப்படும். பிறகு Create-ஐ அழுத்தி, இன்ன வேலைக்கு முன் என்று ஒரு பெயர் கொடுத்து முதல் பாயின்ட்டைப் போடுங்கள்.

பெயர் வைப்பது வீண்வேலை இல்லை. மாதம் கழித்துப் பட்டியலைப் பார்க்கும்போது தேதியைவிடப் பெயர்தான் உதவும். ஆனால் அதிக காலம் நம்பியிருக்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பில், 2025 ஜூன் புதுப்பிப்புக்குப் பின் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் அதிகபட்சம் 60 நாள்தான் வைக்கப்படும். இடப் பற்றாக்குறைக்காக இந்தப் பாதுகாப்பை நிறுத்தினால், அதுவரை இருந்த எல்லாப் பாயின்ட்டுகளும் அழிந்துவிடும்.

வைரஸிடமிருந்தும் இது காக்காது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள் ஷேடோ காப்பிகளையும் சேர்த்தே அழிக்கின்றன. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை அப்படித்தான் செய்தது. நோட்டு பேரேட்டோடு ஒரே அலமாரியில் இருப்பதால் வரும் வினை அது. பென்டிரைவைக்கூடப் படியெடுத்ததும் கழற்றி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது அவள் கடையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. புதிதாக எதை நிறுவும் முன்னும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போடுகிறாள். இரவு ஷட்டரை இறக்கும் முன் பென்டிரைவில் படியெடுத்து, கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறாள். பேட்ச் கோப்பின் ஒரு பிரதி அந்தப் பென்டிரைவிலேயே இருக்கிறது. ரீஸ்டோரின் கை அதுவரை நீளாது.